யாரை அனுப்புவது?

மல்லாபூரிலிருந்து ஹைடெக் சிட்டி பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் பலர் ஹப்சிகூடா வரை ஆட்டோவில் வந்து மெட்ரோ பிடிக்கிறோம். ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்துத் தொழிற்பேட்டையில் ஏறி, ஊரை முழுக்கக் கடந்து, மேற்கு ஓரத்தில் இறங்குகிற பயணம். அந்த ரயிலில்தான் விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கமானான். மல்லாபூரில் அறை எடுத்துத் தங்கி டேட்டா சயின்டிஸ்ட் வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, இரண்டு பக்க ரெஸ்யூமே ஒன்றை மேசையில் வைத்தான்.

"முழுசா வேண்டாம் அண்ணா. மேல இருக்கிற சம்மரி மட்டும் பாத்துக் குடுங்க."

சம்மரியில் மூன்று வரிகள் இருந்தன. கண் படங்களை வைத்து நடந்த கேகிள் போட்டியின் தரவில் 0.91 கப்பா எடுத்தது முதல் வரி. அந்த மாடலை டிப்ளாய் செய்தது இரண்டாவது. வணிகக் கேள்விகளுக்குத் தரவின் மூலம் விடை கண்டது மூன்றாவது. என் தொழிலில் இருப்பவர்கள் எழுதும் சம்மரி பெரும்பாலும் இந்த மூன்று படிகளில்தான் இருக்கும்: போட்டி, ஓடும் மாடல், விடை சொன்ன கேள்வி.

"என்ன கேள்விக்கு விடை கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

பையன் யோசித்தான். "கண்ணு எந்த நிலையில இருக்குன்னு, அண்ணா."

அது போட்டி கேட்ட கேள்வி. கண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்கப்படும் கேள்வி அது இல்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம், பையன் கையில் எடுத்திருந்த அதே போட்டிதான். அதன் படங்கள் வந்தது நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து.

சர்க்கரை நோய் நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தால், கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. முதலில் குழாய்ச் சுவர்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வீங்கும். பிறகு இரத்தமும் கொழுப்பும் கசியும். சில குழாய்கள் அடைபட்டுப்போக, இரத்தம் கிடைக்காத இடங்களுக்காகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிறையலாம், விழித்திரையையே இழுத்துப் பிய்க்கலாம். இதன் பெயர் டயாபடிக் ரெட்டினோபதி. நெடுங்காலம் வலியே இருக்காது, பார்வையும் குறையாது. நோயாளி தானாக மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முன்பே தெரிந்தால் லேசர், ஊசி மருந்து என்று பார்வையைக் காப்பாற்ற வழிகள் உண்டு. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

காட்டுவதற்கு ஒரு சிறப்புக் கேமரா இருக்கிறது. கண்மணி வழியாக ஒளியைப் பாய்ச்சி, பின்சுவரைப் படம் எடுக்கும். ஆரஞ்சு நிற வட்டத்தில் மரக்கிளை போலக் குழாய்கள் பரவியிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து, நோயை ஐந்து நிலைகளில் ஒன்றாக மருத்துவர் குறிக்கிறார். நோய் இல்லையென்றால் 0, இலேசு 1, நடுத்தரம் 2, கடுமை 3, புதுக் குழாய்கள் முளைத்துவிட்டால் 4. படம் எடுக்க ஒரு டெக்னீஷியன் போதும், கிராமத்திலேயே எடுத்துவிடலாம். எடுத்த படங்களை உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் போதவில்லை.

2019 ஜூன் இறுதியில் கேகிள் தளத்தில் ஆசிய பசிபிக் தொலை கண் மருத்துவச் சங்கத்தின் பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து அதை ஆப்டோஸ் போட்டி என்பார்கள். கொடுக்கப்பட்ட படங்கள் 3,662. ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் இட்ட எண் கூடவே இருந்தது. அந்தப் படங்களைக் கொண்டு நிரலைப் பழக்கி, நிரல் முன்பு பார்த்திராத படங்களுக்கு எண் சொல்ல வைக்க வேண்டும். பரிசுத் தொகை 50,000 டாலர். செப்டம்பரில் போட்டி முடிந்தது. ஆனால் படங்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன, பயிற்சிக்காக எடுத்துப் பார்க்கிறவர்கள் ஏராளம். பையனும் அப்படி எடுத்தவன்தான்.

அந்த 3,662 படங்களில் 1,805 படங்கள் 0 நிலை. ஆகவே எதைக் காட்டினாலும் '0' என்று மட்டும் சொல்லும் நிரல்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவான படங்களில் சரியாகச் சொன்னதாகிவிடும். நூற்றுக்கு எத்தனை சரி என்ற வழக்கமான கணக்கு இங்கே ஏமாற்றும் என்பதால், போட்டி நடத்தியவர்கள் கப்பா என்ற வேறு அளவுகோலை வைத்தார்கள். எல்லோருக்கும் '0' சொல்லும் நிரலுக்கு இதில் பூஜ்ஜியம்தான். மருத்துவரோடு முழுக்க ஒத்துப்போனால் 1.

அவர்கள் எடுத்த வகைக் கப்பாவில், தவறு எவ்வளவு பெரியதோ அதன் வர்க்கத்துக்குத் தண்டம். ஒரு நிலை தள்ளிச் சொன்னால் 1. இரண்டு நிலை தள்ளினால் 4, மூன்றுக்கு 9. கண்ணே போகப் போகிற 4-ஆம் நிலைக்காரரைப் பார்த்து '0' என்றால் 16. பார்த்தவுடன் நியாயமாகத்தான் படுகிறது. பெரிய தவறு செய்பவனுக்குப் பெரிய தண்டனை.

"இதுல ஒரு நிலை தள்ளிப்போற தப்பு எல்லாமே சமமா?" என்று பையனிடம் கேட்டேன்.

"ஆமா அண்ணா, எல்லாத்துக்கும் 1தான்."

கேமரா வைத்திருக்கும் ஒரு சிற்றூர் மையத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே 0 நிலைக்காரருக்குச் சொல்லப்படுவது, 'சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், அடுத்த வருஷம் வாருங்கள்' என்பது. 1-ஆம் நிலைக்காரருக்கும் ஏறக்குறைய அதேதான். 2 முதல் மேலே போனால் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் மருத்துவரைப் பாருங்கள்' என்று சீட்டு எழுத வேண்டும். ஐந்து நிலைகள் இருந்தாலும் அந்த அறையில் எடுக்கப்படும் முடிவுகள் இரண்டுதான். 1-க்கும் 2-க்கும் நடுவில்தான் கோடு விழுகிறது.

இப்போது இரண்டு நிரல்களை ஒப்பிடுவோம். முதல் நிரல், 0 நிலையில் உள்ள நூறு பேரை 1 என்று தவறாகச் சொல்கிறது, மற்றதெல்லாம் சரி. அதன் தண்டம் 100. இரண்டாவது நிரல், 2-ஆம் நிலையில் உள்ள ஐம்பது பேரை 1 என்று சொல்கிறது, மற்றதெல்லாம் சரி. தண்டம் 50. போட்டியின் கணக்கில் இரண்டாவது நிரல்தான் மேலே நிற்கும். மையத்தின் கணக்கோ தலைகீழ். முதல் நிரலின் நூறு தவறுகளால் ஒருவருக்கும் எதுவும் மாறவில்லை, எல்லோரும் போக வேண்டிய வீட்டுக்கே போனார்கள். இரண்டாவது நிரலால், மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டிய ஐம்பது பேர் 'அடுத்த வருஷம் வாங்க' என்ற சொல்லோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

பையன் தன் லேப்டாப்பைத் திறந்து, தன் மாடல் செய்த தவறுகளின் கட்டத்தைக் காட்டினான். வரிசையில் மருத்துவர் இட்ட எண், பத்தியில் மாடல் சொன்ன எண். தவறுகளில் பெரும்பகுதி 1-க்கும் 2-க்கும் இடையில்தான் குவிந்திருந்தது. இலேசுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வேறுபாடு சில சிவப்புப் புள்ளிகள், ஒரு சிறு கசிவு என்ற அளவில்தான் இருக்கும் என்பதால் மாடல் தடுமாறும் இடம் அது. மருத்துவர்களே தடுமாறும் இடமும் அதுதான். 0.91 என்ற ஒற்றை எண்ணுக்குள் இது எதுவும் தெரியவில்லை.

மருத்துவர் இட்ட எண் என்கிறோமே, அதையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆப்டோஸ் தரவில் ஒரே படம் இரண்டு முறை இடம்பெற்று, இரண்டுக்கும் வேறு வேறு எண் இடப்பட்டிருந்ததைப் போட்டியாளர்களே கண்டுபிடித்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனிதக் கண் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் விடைத்தாளே இவ்வளவு அசையும்போது, 0.91-க்கும் 0.92-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கில்லை. முதலிடம் பிடித்த மாடல் எடுத்ததே ஏறக்குறைய 0.936. போட்டிப் பட்டியலில் அந்த இரண்டாம், மூன்றாம் தசம இடத்தில்தான் நூற்றுக்கணக்கான அணிகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

இந்தத் தரவுக்குள் இன்னொரு பள்ளமும் இருந்தது. நான் பயிற்சி கொடுக்கும் எல்லோரையும் அதில் ஒரு தடவை விழ வைப்பேன். படங்கள் பல இடங்களில், பல கேமராக்களில், நீண்ட காலத்தில் எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் அளவு, சுற்றிலும் கறுப்பு ஓரம் விழும் விதம். படத்தின் அகலம், உயரம் ஆகியவற்றுக்கும் நோயின் நிலைக்கும் தொடர்பு இருப்பதைச் சில போட்டியாளர்கள் கவனித்துச் சொன்னார்கள். இப்படி நேர்வது எளிது. நோய் முற்றியவர்கள் அதிகம் வரும் இடத்தில் ஒரு வகைக் கேமராவும், எல்லோரையும் பரிசோதிக்கும் முகாமில் வேறு வகையும் இருந்தால் போதும். நிரல் கண்ணைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தே நோயைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். போட்டியில் மதிப்பெண் வரும். ஊரில் புதிதாக ஒரு கேமரா வாங்கிய நாளில் எல்லாம் கவிழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கண்ணின் படத்தை நிரலுக்குக் காட்டவே காட்டாதீர்கள். படத்தின் அகலம், உயரம், கோப்பின் அளவு என்ற மூன்று எண்களை மட்டும் கொடுத்து நிலையைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மூன்றில் நோய் இல்லை, ஆகவே குருட்டாம்போக்கை விட ஒன்றும் மேலாகச் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் தரவில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் படங்களிலும் கறுப்பு ஓரத்தை வெட்டி, கண் வட்டத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு கேமராவின் படங்களை மொத்தமாக எடுத்து ஒளித்து வைத்து, அவற்றின் மீது சோதித்துப் பார்ப்பது அடுத்த வேலை. ஒருவரின் இடக்கண் பழகுவதற்கும் வலக்கண் சோதிப்பதற்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் இதே வகைக் கவனம்தான். இரண்டு கண்ணும் ஒரே உடம்பின் கதையைத்தானே சொல்கின்றன.

பையன் அங்கேயே உட்கார்ந்து அந்த மூன்று எண் சோதனையைச் செய்தான். பத்து நிமிட வேலை. கண்ணையே பார்க்காத நிரலின் கப்பா பூஜ்ஜியத்துக்கு வெகு மேலே வந்தது. முகம் வாடிவிட்டது. "அப்போ என்னோட 0.91ல எவ்வளவு கண்ணு, எவ்வளவு கேமரா?" என்று கேட்டான். ஒரு மாடலைப் பற்றி அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி அது என்று நினைக்கிறேன்.

போட்டிக்கு வெளியே, இதே நோய்க்கு, இதே மருத்துவமனையில் நிஜமாக ஓடிய மாடல் ஒன்றின் வரலாறு நமக்குக் கிடைக்கிறது. கூகுளின் ஆராய்ச்சியாளர்கள் 2016 இறுதியில் ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கிய மாடல் அது. படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றவை மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்து. ஒரே மருத்துவரின் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 மருத்துவர்கள் பார்த்தார்கள். மொத்தம் 54 பேர்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மாடலின் திறமையை ஒரே எண்ணோடு நிறுத்தாமல் இரண்டு ஜோடி எண்களாகவும் சொன்னது. இத்தகைய மாடல் 'அனுப்பு', 'அனுப்பாதே' என்று நேரடியாகச் சொல்வதில்லை. 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் அனுப்புவது என்ற கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டும். கோட்டைக் கீழே இறக்கினால் நோயாளிகள் தப்ப மாட்டார்கள், ஆனால் நோயில்லாதவர்களும் வலையில் சிக்குவார்கள். மேலே ஏற்றினால் வீண் அலைச்சல் குறையும், ஆனால் சில நோயாளிகள் நழுவுவார்கள். கட்டுரையில் ஒரு கோட்டில், அனுப்ப வேண்டியவர்களில் 97.5 சதவீதம் பேர் பிடிபட்டார்கள், அனுப்ப வேண்டாதவர்களில் 93.4 சதவீதம் பேர் சரியாக விடுவிக்கப்பட்டார்கள். இன்னொரு கோட்டில் இவை 90.3, 98.1.

சதவீதத்தில் பார்த்தால் ஒன்றும் உறைக்காது, தலைகளாக எண்ண வேண்டும். ஒரு மையத்துக்கு வந்த ஆயிரம் சர்க்கரைக்காரர்களில் நூறு பேர் அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இறக்கிய கோட்டில் 97 அல்லது 98 பேர் பிடிபடுவார்கள். கூடவே, நோய் அந்த அளவுக்கு இல்லாத 900 பேரில் 59 பேர் தேவையின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஏற்றிய கோட்டில் பிடிபடுபவர்கள் 90 பேர், வீணாக அலைபவர்கள் 17 பேர். கோட்டை இறக்குவதால் கூடுதலாகப் போகிறவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர். அவர்களில் ஏழு பேருக்கு உண்மையிலேயே போக வேண்டிய நோய் இருக்கிறது, மற்ற நாற்பத்திரண்டு பேருக்கு இல்லை.

ஏழு பேரின் கண்ணுக்கு நாற்பத்திரண்டு பேரின் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் ஈடா? என்னைக் கேட்டால் ஈடுதான், இறக்கிய கோட்டையே போடுவேன். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் நாளொன்றுக்கு இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும் என்று இருந்தால், நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நிற்பதாலேயே ஒரு 4-ஆம் நிலைக்காரருக்கு அடுத்த மாதத் தேதி விழலாம். அப்போது விடை மாறும். இதைத்தான் எங்கள் தொழிலில் வணிகக் கேள்வி என்கிறோம். கடையும் லாபமும் இருந்தால்தான் அந்தப் பெயர் என்றில்லை. யாருக்கு என்ன செலவு, எந்தத் தவறை எவ்வளவு தாங்கலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் கேட்கும் கேள்வி. மாடல் அதற்கு விடை சொல்லாது. கோட்டை எங்கே போட்டால் யார் யார் எங்கே போவார்கள் என்று அவருக்கு எண்ணிக் காட்டுவதுதான் டேட்டா சயின்டிஸ்டின் வேலை.

இடம் மாறினாலும் கணக்கு மாறும். அதே மாடலை, அதே இறக்கிய கோட்டோடு, ஆயிரத்தில் இருபது பேருக்கு மட்டுமே அந்த அளவு நோய் இருக்கும் ஒரு முகாமில் வைத்தால், இருபதில் 19 அல்லது 20 பேர் பிடிபடுவார்கள். தேவையில்லாமல் போகிறவர்கள் ஏறக்குறைய 65 பேர் ஆகிவிடுவார்கள். சீட்டு வாங்கிய நான்கு பேரில் மூன்று பேருக்கு மேல் வெறுமனே திரும்பி வருவார்கள். மாடலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, மாறியது வந்தவர்கள்தான். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய ஊர், மூன்றாம் முறை சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும்.

அந்த மாடல் பிறகு நிஜ நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. நடுத்தர நிலையோ அதற்கு மேலோ உள்ளவர்களில் அரவிந்தில் 88.9 சதவீதம் பேரையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம் பேரையும் மாடல் பிடித்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைத்த 97.5-ஐ நினைத்துக்கொண்டு பார்த்தால் இது இறக்கம். ஆனால் அதே படங்களை அங்கே பார்த்த மனிதர்கள் பிடித்தது ஆளைப் பொறுத்து 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. ஒரு மாடலின் எண்ணைச் சொல்லும்போது, அது செய்யப்போகும் வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் முதலாவதற்குப் பொருள் உண்டு. இதைச் சம்மரியில் எழுதியவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

2019-இல் அரவிந்தில் மாடல் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. அதே காலத்தில் தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ மையங்களிலும் அதை வைத்துப் பார்த்தார்கள். அங்கே நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படையாக எழுதியிருப்பதால் நமக்குப் பெரிய பாடம் கிடைத்திருக்கிறது. மையங்களில் எடுக்கப்பட்ட 1,838 படங்களில் ஏறக்குறைய 21 சதவீதத்தை 'படம் சரியில்லை' என்று மாடல் திருப்பிவிட்டது. தவறான பதில் சொல்வதைவிடப் பதில் சொல்லாமல் இருப்பது மேல் என்று அதை அப்படி அமைத்திருந்தார்கள். கொள்கை சரிதான். அறையில் நடந்தது வேறு. கண்மணி நன்றாக விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும், பல மையங்களில் அப்படியோர் அறையே இல்லை. நர்ஸின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படத்தைக்கூட மாடல் ஏற்கவில்லை. திருப்பப்பட்ட படத்துக்காரர் இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரிக்கு வரும்படி ஆனது. படத்தை இணையம் வழியாக அனுப்பிப் பதில் வாங்க வேண்டியிருந்ததால், இணையம் மந்தமான நாளில் வரிசை நகரவில்லை.

21 சதவீதம் என்பதைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். ஐந்தில் ஒரு படத்துக்கு மாடல் பதிலே சொல்லவில்லை. பதில் சொன்ன படங்களில் அது எவ்வளவு சரி என்ற எண்ணில் இந்த ஐந்தில் ஒன்று வராது. கேகிள் போட்டியில் இந்தப் பிரச்சினை எழவே எழாது. அங்கே மங்கல் படமும் உண்டு, பாதி இருண்ட படமும் உண்டு, எல்லாவற்றுக்கும் ஓர் எண் சொல்லியே ஆக வேண்டும். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல அங்கே இடமில்லை. மையத்திலோ அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அந்த ஆளை என்ன செய்வது என்றும் யாராவது முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய மாடலை அப்புறமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கும் இதே மாடலிடம் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் அது 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த பிறகு, ஒரு பகுதிப் படங்களை எடுத்து மருத்துவர்களிடம் மறுபடி காட்டி ஒப்பிட்டார்கள். 45 மையங்களின் படங்கள். கடுமையான நிலை அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் 97 சதவீதம் பேரை மாடல் விடாமல் பிடித்திருந்தது என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 'டிப்ளாய் செய்தேன்' என்ற சொல்லுக்குள் இந்த ஆண்டுக்கணக்கான வேலை அடங்கியிருக்கிறது: அவ்வப்போது கொஞ்சம் படங்களைப் பொறுக்கி, மனிதரிடம் காட்டி, மாடல் இன்னும் முன்புபோல்தான் பார்க்கிறதா என்று ஒப்பிடுவது. புதுக் கேமரா வரும், புது டெக்னீஷியன் வருவார், வேறு ஊர் ஆட்கள் வருவார்கள். மாடல் தானாக எதையும் சொல்லாது, முன்பு சொன்ன அதே தெம்போடு தவறான எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பையனின் 'டிப்ளாய்' என்ன என்று கேட்டேன். ஒரு வலைப்பக்கம். படத்தை ஏற்றினால் எண் வரும். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, தொடங்குகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க முடியும். ஆனால் அந்தப் பக்கத்தில் நான் என் கைபேசியில் எடுத்த ஒரு தேநீர்க் கோப்பையின் படத்தை ஏற்றினேன். '2' என்று வந்தது. பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். கறுப்பு ஓரங்களை வெட்டி, ஒரு படஅளவை முழுக்க ஒளித்து வைத்துச் சோதித்திருந்தான். கப்பா 0.91-லிருந்து இறங்கியிருந்தது. அதை மறைக்காமல் எழுதியிருந்தான். ஐந்து நிலைகளை விட்டுவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்ற இரண்டாகப் பிரித்து, மூன்று கோடுகளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் தப்புகிறார்கள், எத்தனை பேர் வீணாக அலைகிறார்கள் என்று ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டிருந்தான். வலைப்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பதில் சேர்ந்திருந்தது: 'படம் சரியில்லை, மறுபடி எடுக்கவும்'. தேநீர்க் கோப்பையை ஏற்றிப் பார்த்தேன். அந்தப் பதில்தான் வந்தது.

புதுச் சம்மரியை ஊருக்குப் போன் போட்டுத் தன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினானாம். கப்பா என்ற சொல் அதில் இல்லை. 'சர்க்கரை நோயாளியின் கண் படத்தைப் பார்த்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவரை அடையாளம் காட்டும் நிரல். அனுப்ப வேண்டிய நூறு பேரில் எத்தனை பேரைத் தவறவிடுகிறது, புதுக் கேமராவில் எவ்வளவு தடுமாறுகிறது என்று சோதித்திருக்கிறேன். நிஜ நோயாளிகளிடம் இன்னும் சோதிக்கவில்லை.'

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கும் ஆறு வருஷமா சர்க்கரை, அண்ணா. கண்ணைப் படம் எடுத்துப் பாக்கணும்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலையாம். எங்க போய் எடுக்கறதுன்னு கேட்டாங்க. வர்ற சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."